ஐந்தாவது சொல்லில் ‘இல்லை’

2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில நாள்களில், புதிதாக வரும் 2000 ரூபாய் நோட்டுக்குள் ஒரு ‘நானோ ஜிபிஎஸ் சிப்’ இருக்கிறது, நோட்டை 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்து வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றியது. எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. இரண்டு நாள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா ஒரு இணைப்பை அனுப்பிவிட்டுப் போன் செய்தார். “பாத்தியாடா, பேப்பர்லயே போட்டுட்டான். நீதான் நம்ப மாட்டேன்னே.”

அவர் அனுப்பிய இணைப்பு அந்த வதந்தியைப் பொய் என்று விளக்கிய கட்டுரை. அதற்குத் தலைப்பு வைத்தவன் நான்தான். அப்போது நான் வேலை பார்த்த இணையதளத்தில் அந்தத் தலைப்பு இப்படி வந்திருந்தது: “புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் பொருத்தப்பட்டிருப்பதாக வாட்ஸ்ஆப்பில் பரவும் தகவல் உண்மையல்ல”. இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழை இல்லை. ஆனால் பெரியம்மாவின் போன் திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: “புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் பொருத்தப்பட்டிருப்ப…”. அதற்குப் பிறகு மூன்று புள்ளி. ‘உண்மையல்ல’ என்பது பன்னிரண்டாவது சொல். எட்டாவது சொல்லைத் தாண்டவே போனில் இடமில்லை.

பெரியம்மா இணைப்பைத் திறக்கவில்லை. பெரும்பாலானவர்கள் திறப்பதில்லை. தலைப்பைப் படித்தார், நம்பினார், பத்துப் பேருக்கு அனுப்பினார். பொய்யை மறுக்க நான் எழுதியதே பொய்க்குச் சான்றிதழாகிவிட்டது.

தமிழில் தகவல் சரிபார்ப்பு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘நோ’ என்று முதல் சொல்லிலேயே ஆரம்பித்துவிடலாம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இல்லை’, ‘அல்ல’, ‘பொய்’, ‘தவறு’ எல்லாம் வாக்கியத்தின் வாலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு முன்னால் ‘இருப்பதாக’, ‘கூறியதாக’ என்று பொய்யை முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். தேடுபொறியும் வாட்ஸ்ஆப்பும் ஃபேஸ்புக்கும் எதை வெட்டினாலும் வாலைத்தான் வெட்டும்.

எத்தனை எழுத்தில் வெட்டும் என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை, திரையில் எவ்வளவு அகலம் இருக்கிறதோ அவ்வளவு காட்டுகிறது. ‘ணை’, ‘ஞா’ போன்றவை அகலமானவை. ஆங்கிலத் தலைப்பு ஒன்று அறுபது எழுத்தில் அடங்குகிறது என்றால் தமிழுக்கும் அதே கணக்கு பொருந்தாது. இணையதளங்களில் செய்தி ஏற்றும் மென்பொருள் தலைப்புக்குக் கீழே ஓர் எண்ணைக் காட்டுமே, அதையும் நம்பக் கூடாது. ‘ரூபாய்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ர, ஊகாரக் குறி, ப, கால், ய, புள்ளி என்று ஆறு. ‘பொய்’ நமக்கு இரண்டு, அதற்கு நான்கு. அது நீளம் என்று சிவப்புக் காட்டும் தலைப்பு திரையில் நன்றாக அடங்கலாம். பச்சை காட்டுவது வெட்டுப்படலாம். அகலத்தைப் பார்க்க ஒரே வழி, வெளியிடும் முன் இணைப்பை நம் போனுக்கே அனுப்பிப் பார்ப்பது. கையில் இருக்கும் சின்னப் போனில் பார்ப்பது இன்னும் நல்லது.

பெரியம்மா சம்பவத்துக்குப் பிறகு நான் அந்தத் தலைப்பை மாற்றினேன். முதலில் தோன்றிய யோசனை, முன்னால் ஒரு முத்திரை குத்துவது. பலரும் செய்வது போல ‘உண்மை சரிபார்ப்பு:’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. கண்ணில் முதலில் படும் சொல் ‘உண்மை’. அதை அடுத்து “2000 ரூபாய் நோட்டில் ஜிபிஎஸ் சிப்…” என்று வந்து வெட்டுப்பட்டால், அவசரத்தில் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ‘ஃபேக்ட் செக்:’ என்று போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அது கட்டுரையின் வகையைத்தான் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்லவில்லை. தலைப்பின் விலை உயர்ந்த இடம் முன்பக்கம். அதைத் தீர்ப்பு இல்லாத ஒரு பெயர்ப்பலகைக்குக் கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

இரண்டாவது, கேள்வியாக்குவது: “2000 ரூபாய் நோட்டில் ஜிபிஎஸ் சிப் உள்ளதா?” தமிழில் மிக அதிகமாகப் பார்க்கும் வடிவம் இதுதான். அதற்கு நியாயமும் உண்டு. சந்தேகப்படுகிறவர் தேடும் சொற்கள் அப்படியே இதில் இருக்கின்றன. ஆனால் ‘உள்ளது’ என்பதைக் கேள்வியாக்குவது கடைசியில் நிற்கும் ஒரு ‘ஆ’தான். அது வெட்டுப்பட்டால் கூற்று மட்டும் நிற்கும். வெட்டுப்படாவிட்டாலும், திறந்து பார்க்காதவர் மனத்தில் பதில் இல்லாத ஒரு சந்தேகம் தங்குகிறது. விடை நமக்குத் தெரிந்திருக்கும்போது அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? கிளிக் வேண்டும் என்பதற்காகத்தான், வேறொன்றுமில்லை. விசாரணை முடியாத, இன்னும் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கும் கூற்றுக்குக் கேள்விக்குறி போடலாம். இதற்குப் போட வேண்டியதில்லை.

மூன்றாவது, அதிகாரபூர்வ மறுப்பைத் தலைப்பாக்குவது. ரிசர்வ் வங்கி அப்போதே மறுத்துவிட்டது, ஆகவே “2000 ரூபாய் நோட்டில் சிப்: ரிசர்வ் வங்கி மறுப்பு” என்று வைக்கலாம். இது சுருக்கமாக இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஆனால் தமிழில் ‘மறுப்பு’ என்ற சொல்லுக்கு அரசியல் வாசனை ஏறிவிட்டது. அமைச்சர் மறுப்பு, நடிகர் மறுப்பு என்று படித்துப் படித்து, ‘மறுத்தால் ஏதோ இருக்கிறது’ என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிட்டது. அதோடு, ஒருவர் மறுத்தார் என்பதும் நாம் சரிபார்த்தோம் என்பதும் ஒன்றல்ல. ஜிபிஎஸ் கருவி சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும்; தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்ல ஒரு டிரான்ஸ்மிட்டரும் அதற்கு மின்சாரமும் வேண்டும். காகித நோட்டுக்குள் பேட்டரி எங்கே? அந்த சிக்னல் மண்ணுக்குள் 120 மீட்டர் இறங்கவும் இறங்காது. இதையெல்லாம் பார்த்த பிறகு ‘மறுப்பு’ என்று இன்னொருவர் தோளில் சாய வேண்டாம். நம் பெயரிலேயே ‘இல்லை’ என்று சொல்லலாம்.

கடைசியில் வந்த தலைப்பு: “2000 ரூபாய் நோட்டில் சிப் இல்லை: ஜிபிஎஸ் தகவல் பொய்”. ஐந்தாவது சொல்லில் ‘இல்லை’ வந்துவிடுகிறது. வினை கடைசியில்தான் வரும் என்றால், வாக்கியத்தையே ஐந்து சொல்லில் முடித்துவிட வேண்டியதுதான். மிச்சத்தை முக்காற்புள்ளிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எந்தப் போனில் வெட்டினாலும் “2000 ரூபாய் நோட்டில் சிப் இல்லை” தப்பிவிடும்.

இதற்காக நான் விட்டவை நிறைய. ‘புதிய’, ‘நானோ’, ‘பொருத்தப்பட்டிருப்பதாக’, ‘வாட்ஸ்ஆப்பில்’, ‘பரவும்’ எல்லாம் போயின. 120 மீட்டரும் வருமான வரியும் தலைப்புக்கே வரவில்லை. நீளமான ஃபார்வர்டு ஒன்றில் நாலைந்து கூற்றுகள் இருக்கும். அவற்றில் எது விழுந்தால் மற்றவை தானாக விழுமோ அதை மட்டும் தலைப்பில் எடுக்க வேண்டும். சிப் இல்லை என்றால் சாட்டிலைட்டுக்கும் வரித் துறைக்கும் வேலையே இல்லை.

தேடிக் கிடைக்க வேண்டுமே என்ற கவலை இங்கே வருகிறது. சந்தேகம் வந்தவர் தேடும்போது நம் சொல்லைப் பயன்படுத்த மாட்டார், ஃபார்வர்டில் இருந்த சொல்லைத்தான் பயன்படுத்துவார். ‘பணத்தாள்’ நல்ல தமிழ்தான், ஆனால் அந்த ஃபார்வர்டில் அது இல்லை. ‘நோட்டு’, ‘சிப்’, ‘2000’ மூன்றும் தலைப்பில் இருந்தே ஆக வேண்டும். பலர் தமிழ் எழுத்திலேயே தேடுவதும் இல்லை. `2000 note chip unmaiya` என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதற்காகத் தலைப்பைக் கலப்படமாக்க வேண்டாம். கட்டுரையின் முகவரியை அப்படி அமைத்தால் போதும். முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால் சில இடங்களில் பகிரும்போது ஒவ்வொரு குறியும் `%E0%AE%95` என்பது போல ஒன்பது குறிகளாக விரிந்து, இணைப்பு அரைப் பக்கத்துக்கு நீளும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று பயப்படுவார். `2000-note-gps-chip-false` என்று வைத்தால் அளவும் சிறியது, தீர்ப்பும் அதிலேயே இருக்கிறது. `2000-note-gps-chip` என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முகவரி மட்டும் தனியாகச் சுற்றும்போது அதுவும் கூற்றாகிவிடும்.

ஒரே கட்டுரைக்கு ஒரே தலைப்புதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தேடுபொறிக்கு ஒன்று, பகிர்வில் தெரிய ஒன்று, பக்கத்தில் மேலே பெரிதாகத் தெரிய ஒன்று என்று மூன்று வைக்கலாம்.

```html
<title>2000 ரூபாய் நோட்டில் சிப் இல்லை: ஜிபிஎஸ் தகவல் பொய்</title>
<meta property="og:title" content="2000 ரூபாய் நோட்டில் சிப் இல்லை">
```

முதலாவதை கூகுள் எடுத்துக்கொள்ளும், இரண்டாவதை வாட்ஸ்ஆப்பும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொள்ளும். கூகுள் சில சமயம் நாம் கொடுத்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள பெரிய தலைப்பிலிருந்து தானே ஒன்றை அமைத்துக்கொள்கிறது. ஆகவே மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. பக்கத்தில் கேள்வியும் தேடலில் தீர்ப்புமாக வைத்தால், கேள்வியே தேடலில் போய் நிற்கக் கூடும்.

பொய்யைத் தலைப்பில் திரும்பச் சொன்னால் அது இன்னும் ஆழமாகப் பதியாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பயம் ஒரு காலத்தில் ஆய்வாளர்களிடமும் இருந்தது. பொய்களைத் திருத்துவது எப்படி என்று உளவியலாளர்கள் லெவாண்டோவ்ஸ்கி, குக் 2011-இல் வெளியிட்ட கையேடு, தலைப்பில் பொய்க்குப் பதில் உண்மையை வை என்றது. 2020-இல் வந்த புதிய பதிப்பு அந்தப் பயத்தைத் தணித்தது. திருத்தம் தெளிவாக இருந்தால் பொய்யை ஒரு முறை சொல்வதில் கேடில்லை, வாசகருக்கு எதைத் திருத்துகிறோம் என்று தெரிய அது உதவவும் செய்கிறது என்கிறது. தமிழ்த் தலைப்புக்கு நான் இதை எடுத்துக்கொள்ளும் விதம்: பொய்யில் உள்ள பெயர்ச்சொற்களைத் தலைப்பில் சொல்லலாம், சொல்லியாக வேண்டும். பொய்யை முழு வாக்கியமாக முடித்துக்காட்ட வேண்டாம். ‘நோட்டில் சிப்’ வரை சரி. ‘இருக்கிறது’ என்ற வினை என் தலைப்பில் எங்கேயும் கிடையாது.

உண்மையை நேராகச் சொல்ல முடிகிற இடத்தில் இந்தத் தலைவலியே இல்லை. 2023 ஜூலையில் ஒரு வதந்தி வந்தது. 500 ரூபாய் நோட்டின் வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் அது கள்ள நோட்டு, வாங்காதீர்கள் என்று. கடைக்காரர்கள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அச்சாகும்போது பழுதான நோட்டுகளை எடுத்துவிட்டு அவற்றுக்குப் பதிலாகக் கட்டில் வைக்கும் நோட்டுக்கு அந்தக் குறி இடப்படுகிறது, அது மற்ற எந்த நோட்டையும் போலச் செல்லுபடியாகும் என்றது. இதற்குத் தலைப்பு: “நட்சத்திரக் குறி உள்ள 500 ரூபாய் நோட்டு செல்லும்”. இதில் ‘இல்லை’ இல்லை, ‘பொய்’ இல்லை. எந்தச் சொல்லோடு வெட்டுப்பட்டாலும் ‘கள்ள நோட்டு’ என்று யாரும் படிக்க முடியாது. மளிகைக் கடையில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியதும் அந்த ஒரு சொல்தான், செல்லுமா செல்லாதா. தேடுகிறவர்களில் பாதிப் பேர் ‘ஸ்டார்’ என்றுதான் தட்டுவார்கள் என்பதால் “ஸ்டார் குறி” என்று மாற்றலாமா என்று யோசிக்கலாம். நான் மாற்றுவேன்.

தீர்ப்புச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘பொய்’ போட்டுவிட முடியாது. தீபாவளிக்குத் தீபாவளி வரும் படம் ஒன்று உண்டு. இருட்டில் இந்திய வரைபடம், அதில் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு ஒளிப்புள்ளிகள், ‘தீபாவளி இரவில் நாசா எடுத்தது’ என்ற குறிப்பு. அந்தப் படம் போலி அல்ல. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் 1992 முதல் 2003 வரை எடுத்த இரவு ஒளிப் பதிவுகளுக்கு, எந்த ஆண்டில் எங்கே புதிதாக விளக்கு வந்தது என்று காட்ட ஒரு விஞ்ஞானி வண்ணம் கொடுத்துச் சேர்த்தது. மக்கள்தொகை எப்படிப் பரவியது என்பதற்கான படம். இதற்கு “நாசா தீபாவளிப் படம் போலி” என்று தலைப்பிட்டால் நாமே ஒரு தவறான தகவலைக் கிளப்பிவிட்டோம் என்று அர்த்தம். “இந்தியாவின் இரவு ஒளிப் படம் தீபாவளி இரவு அல்ல” என்றால் சரி. எது தவறு என்று அந்தத் தலைப்பே சுட்டிவிடுகிறது. தலைப்பில் ஆண்டும் போடவில்லை, ஏனென்றால் இந்தப் படம் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வரும்.

நியூஸ் கார்டு விஷயத்தில் நாம் இன்னும் மோசம். ஏதோ ஒரு டிவியின் சின்னத்தோடு, ஒரு தலைவர் சொன்னதாக ஒரு வரி. அது போலி என்று கண்டுபிடித்த பிறகு வைக்கும் தலைப்பு பெரும்பாலும் “வைரலாகும் நியூஸ் கார்டு போலியானது” என்று இருக்கிறது. யார் சொன்னதாக, என்ன சொன்னதாக என்ற இரண்டும் அதில் இல்லை. நாளைக்கு அதே கார்டைப் பார்த்துத் தேடுகிறவர் அந்தத் தலைவர் பெயரையும் அந்த வரியில் உள்ள ஒரு சொல்லையும் தட்டுவார், நம் கட்டுரை வராது. ‘வைரல்’ என்ற சொல்லை யாரும் தேடுவதில்லை. “இன்னார் அப்படிச் சொல்லவில்லை” என்று ஆரம்பித்து, எதைச் சொல்லவில்லை என்பதை ஒரு சொல்லில் வைத்தால் பெயரும் பொருளும் தீர்ப்பும் மூன்றும் வந்துவிடும்.

இயந்திரங்கள் படிக்க என்று ஒரு தலைப்பும் உண்டு. தகவல் சரிபார்ப்புக் கட்டுரைக்குள் `ClaimReview` என்ற குறிப்பை வைப்பது 2015-இலிருந்து வழக்கம்.

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "ClaimReview",
  "claimReviewed": "2000 ரூபாய் நோட்டில் ஜிபிஎஸ் சிப் உள்ளது",
  "reviewRating": { "@type": "Rating", "alternateName": "பொய்" }
}
```

இது ஒரு துண்டு மட்டும். கட்டுரையின் முகவரியும் வேறு விவரங்களும் சேர வேண்டும். தமிழில் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, `claimReviewed` இடத்தில் நம் கட்டுரையின் தலைப்பை அப்படியே ஒட்டிவிடுவது. அப்போது கூற்று “சிப் இல்லை” என்றும், தீர்ப்பு “பொய்” என்றும் ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிப் இருக்கிறது! அந்த இடத்தில் வதந்தி கிளப்பியவர் சொன்ன வாக்கியம்தான் வர வேண்டும்.

இந்தக் குறிப்பு இருந்தால் கூகுள் தேடலில் கட்டுரைக்குக் கீழே கூற்றும் தீர்ப்பும் தனி வரியில் தெரிந்துகொண்டிருந்தன. 2025 ஜூனில் கூகுள் தேடல் முடிவுகளில் அதைக் காட்டுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சரிபார்ப்புகளை மட்டும் தேடும் தனிப் பக்கத்துக்கு அந்தக் குறிப்பு இன்னும் பயன்படுகிறது. ஆனால் சாதாரணமாகத் தேடுகிறவர் கண்ணில், தலைப்பு மழுப்பினாலும் கீழே ‘பொய்’ என்று காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த வரி இனி கிடையாது. இருப்பது தலைப்பு மட்டும்.

நல்ல தலைப்பும் கைகொடுக்காத இடம் ஒன்று. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில் நடந்த கொலை, தொடர்பே இல்லாத அடிதடி எல்லாம் அதில் சேர்த்து அனுப்பப்பட்டன. திருப்பூரிலிருந்து தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். தமிழில் நாங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும், பீகாரில் மகனை நினைத்துப் பயந்த தாய் தேடியது இந்தியில். தமிழகக் காவல்துறையும் இந்தியில் எழுதுகிற சரிபார்ப்பாளர்களும் அந்த மொழியிலேயே சொன்ன பிறகுதான் செய்தி சேர வேண்டிய இடத்துக்குப் போனது. கூற்று எந்த மொழியில் பிறந்ததோ அந்த மொழியில் ஒரு தலைப்பு வேண்டும், மொழிபெயர்ப்பாகவாவது.

பெரியம்மாவிடம் திரும்புகிறேன். மாற்றிய தலைப்போடு அதே கட்டுரையின் இணைப்பை அவருக்கு அனுப்பினேன். பழைய முன்காட்சி போனில் தங்கிவிடும் என்பதால் முகவரியையும் மாற்றியிருந்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “அப்ப நேத்து ஏன்டா இருக்குன்னு போட்டீங்க?”